தெருவுல இருந்து நாய்க்குட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்களா? முதல் நாலு மாசத்துக்கு நான் போட்ட டைம்டேபிள் இது

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, சென்னைல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்ல நாட்டு நாய் வளக்குற சாதாரண ஆளு. இப்போ இருக்கிறது முறுக்கு, பொண்ணு. இவளுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான், மணின்னு பேரு, பதினோரு நாள்தான் எங்க வீட்ல இருந்தான். குடுத்தவங்க "ரெண்டு மாசம் ஆச்சு, ஊசியெல்லாம் போட்டாச்சு"ன்னு சொன்னாங்க, நானும் நம்பி மறுநாளே கீழ பார்க்கிங்ல இறக்கி விட்டு விளையாட விட்டேன். ஒரு வாரத்துல சாப்பிடாம படுத்தான், அப்புறம் வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்து தண்ணியா போச்சு, அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு. பார்வோ, குட்டிங்க குடலைத் தாக்குற வைரஸ் நோய். நாலு நாள் டிரிப் ஏத்தியும் போயிட்டான். பின்னாடி யோசிச்சுப் பாத்தா ரெண்டே தப்புதான்: அவன் வயசு எனக்குத் தெரியல, ஊசி போட்டதுக்கு ஆதாரம் எதுவும் கையில இல்ல. அதனால முறுக்கு வந்தப்போ எல்லாத்தையும் தேதி போட்டு எழுதினேன். அந்த நோட்டைத்தான் இங்க விரிச்சு வைக்கிறேன்.

1. வயசைக் கண்டுபிடிங்க, பிறந்த தேதின்னு ஒண்ணு வைங்க

பூச்சி மருந்து, ஊசி, எத்தனை வேளை சாப்பாடு, எப்போ ரோட்டுல இறக்கலாம், எல்லாமே வயசை வெச்சுத்தான். தெருக்குட்டிக்கு யாரும் பிறந்த தேதி எழுதி வெச்சிருக்க மாட்டாங்க, குடுக்கிறவங்க எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி "ரெண்டு மாசம்"னு சொல்லுவாங்க. பல்லைப் பாருங்க. மூணு நாலு வாரத்துலதான் பால் பல்லு முளைக்க ஆரம்பிக்கும், ஆறுலேர்ந்து எட்டு வாரத்துக்குள்ள 28 பால் பல்லும் வந்துடும். முன்பல்லு விழுந்து பெருசா புதுப் பல்லு வருதுன்னா மூணரை நாலு மாசம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். நீங்க பாத்தா குழம்பும், டாக்டர் வாயைத் தொறந்து அரை நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

முறுக்கு வந்தது 2025 ஜூன் 29, ஞாயித்துக்கிழமை. இவளுக்கும் "ரெண்டு மாசம்"தான் சொன்னாங்க. மறுநாள் டாக்டர் பல்லைப் பாத்துட்டு ஆறு வாரம்தான் இருக்கும்னாரு. அதனால மே 18 பிறந்த நாள்னு நாங்களே முடிவு பண்ணி நோட்டு முதல் பக்கத்துல எழுதிட்டோம். ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன இருக்கலாம், பரவால்ல. ஆனா ரெண்டு வாரம் கூட்டி நினைச்சிருந்தா கடைசி ஊசி ரெண்டு வாரம் சீக்கிரம் முடிஞ்சிருக்கும், அதுல என்ன ஆபத்துன்னு மூணாவது பாயிண்ட்ல வருது.

அதே நோட்டுல வாராவாரம் எடை எழுதுங்க. தனி மெஷின் வேண்டாம், குட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டு மெஷின்ல ஏறுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க, கழிச்சுக்கோங்க. முறுக்கு வந்தப்போ 2.1 கிலோ. மருந்தெல்லாம் எடைக் கணக்குலதான் குடுப்பாங்க, அதனால இது சும்மா அழகுக்கு இல்ல.

2. ஊசிக்கு முன்னாடி பூச்சி மருந்து

தெருக்குட்டிக்கு வயித்துல பூச்சி இருக்குன்னே வெச்சுக்கோங்க, தாய் வயித்துலயே, தாய்ப்பால்லயே வந்துடும். உடம்பு இளைச்சு வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தா சந்தேகமே வேண்டாம். ஜூன் 30 அன்னிக்கே சிரப் குடுத்தாங்க, அன்னிக்கு ராத்திரியே மலத்துல சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையா வந்துச்சு. பயந்துடாதீங்க, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

ஒரு தடவை குடுத்தா முடிஞ்சுதுன்னு விட்டுடறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மருந்து குடல்ல இருக்கிற பூச்சியைத்தான் கொல்லும், உடம்புக்குள்ள சுத்திக்கிட்டிருக்கிற குட்டிப் புழு கொஞ்ச நாள் கழிச்சு குடலுக்கு வந்து பெருசாகும். அதனால மூணு மாசம் ஆகுற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவை, அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் எடை பாத்து அளவை மாத்தணும், போன மாசம் குடுத்த அளவே இந்த மாசமும் குடுத்தா பத்தாது. வீட்ல சின்னப் பசங்க இருந்தா இதை ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க, இந்தப் பூச்சி மனுஷங்களுக்கும் வரும்.

3. ஊசி: எத்தனை போட்டோம்ங்கிறதை விட கடைசி ஊசி எந்த வயசுலங்கிறதுதான் முக்கியம்

இதைத்தான் எனக்கு யாரும் முதல்லயே சொல்லல. குட்டி பிறந்ததும் தாயோட சீம்பால்லேர்ந்து எதிர்ப்பு சக்தி கிடைக்கும். அது குட்டியைக் காப்பாத்தும், ஆனா அதே சக்தி நாம போடுற ஊசியையும் வேலை செய்ய விடாம அமுக்கிடும். அது கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு குட்டிக்கு எட்டு வாரத்துல தீரும், இன்னொண்ணுக்கு பதினாலு பதினஞ்சு வாரம் வரைக்கும் இழுக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியாது. அதனாலதான் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப போடுறாங்க, ஒண்ணு இல்லன்னா ஒண்ணு பிடிச்சுக்கும்னு. கடைசி ஊசி பதினாறு வாரம் முடிஞ்சப்புறம் இருக்கணும்னு உலக அளவுல நாய் பூனை டாக்டர்கள் சங்கம் போட்ட வழிமுறைலயே இருக்கு. "மூணு ஊசி போட்டாச்சு, முடிஞ்சுது"ன்னு பன்னெண்டு வாரத்துலயே நிறுத்திட்டா அந்த மூணுமே அமுங்கிப் போயிருக்க வாய்ப்பு இருக்கு. நீங்களே கேளுங்க, "டாக்டர், பதினாறு வாரத்துல இன்னொண்ணு போட்டுக்கலாமா?"ன்னு. யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

முறுக்கோட தேதிங்க இப்படி வந்துச்சு. பூச்சி மருந்து குடுத்து ஆறு நாள் கழிச்சு, நல்லா துறுதுறுன்னு இருக்கான்னு பாத்துட்டு, ஜூலை 6 அன்னிக்கு முதல் கூட்டு ஊசி, அப்போ ஏழு வாரம். செவன் இன் ஒன், நைன் இன் ஒன்னு கிளினிக்குக்கு கிளினிக் பேரு மாறும், பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல்ல வர்ற வைரஸ், எலிக்காய்ச்சல் இதெல்லாம் அதுல இருக்கான்னு கேட்டுக்கோங்க. எலிக்காய்ச்சல் மழைத்தண்ணி தேங்குற ஊருக்கு ரொம்ப அவசியம், எலி மூத்திரம் கலந்த தண்ணியில நாய் கால் வெச்சாலே போதும். ரெண்டாவது ஜூலை 27, பத்து வாரம். மூணாவது ஆகஸ்ட் 17, பதிமூணு வாரம், அன்னிக்கே முதல் ரேபிஸ் ஊசியும் சேத்துப் போட்டாங்க, ரேபிஸ் மூணு மாசம் முடிஞ்சாத்தான் போடுவாங்க. நாலாவது கூட்டு ஊசி செப்டம்பர் 7, சரியா பதினாறு வாரம். ரேபிஸ் ரெண்டாவது செப்டம்பர் 14. அடுத்தது இனிமே 2026 செப்டம்பர்லதான்.

செலவு: எங்க ஏரியா கிளினிக்ல கூட்டு ஊசி ஒண்ணு 800, ரேபிஸ் 300, டாக்டர் பீஸ் ஒவ்வொரு தடவையும் 300. நாலு கூட்டு ஊசி 3200, ரெண்டு ரேபிஸ் 600, ஆறு தடவை போனதுக்கு பீஸ் 1800, பூச்சி மருந்து எல்லாம் சேத்து ஒரு 400. மொத்தம் 6000. மணிக்கு நாலு நாள்ல ஆனது இதைவிட டபுள், அதை விடுங்க. காசு இடிக்குதுன்னா உங்க ஊர் அரசு கால்நடை மருந்தகத்துல கேளுங்க, சென்னைல வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கு, கூட்டம் இருக்கும், காலைலயே போயிடுங்க. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், அதை ஒட்டி பல ஊர்ல ரேபிஸ் ஊசி இலவசமா போடுவாங்க.

ஊசி விஷயத்துல மூணு இடத்துல ஏமாறுவோம். ஒண்ணு, புக்கு. மருந்து பாட்டில்ல இருக்கிற ஸ்டிக்கரைப் பிரிச்சு புக்குல ஒட்டி, தேதி போட்டு, டாக்டர் கையெழுத்தும் சீலும் இருந்தாத்தான் ஊசி போட்டதா கணக்கு. வாய்வார்த்தையா சொன்னா போடலன்னே நினைச்சுக்கிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க, ஒரு ஊசி கூடப் போட்டா ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது, மருந்துக் கடையில வாங்கி நாமளே போட்டுக்கலாம்னு சொல்ற புத்திசாலி உறவுக்காரர். அந்த மருந்து ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ள ஃப்ரிட்ஜ்ல இருக்கணும், வெயில்ல பைக் டேங்க் கவர்ல வந்த ஊசியும் தண்ணியும் ஒண்ணுதான். மூணாவது, கல்யாணம் காதுகுத்துன்னு ஊருக்குப் போய் தேதியை விட்டுடறது. நாலஞ்சு நாள் தள்ளினா பரவால்ல, ஆறு வாரத்துக்கு மேல இடைவெளி விழுந்துட்டா கூட ஒரு ஊசி போட வேண்டி வரும்.

ஊசி போட்டதும் உடனே கிளம்பாதீங்க, ஒரு இருபது நிமிஷம் கிளினிக் வாசல்லயே உக்காருங்க. அன்னிக்கு ஒரு நாள் தூங்கி வழியுறது, போட்ட இடத்துல சின்ன வீக்கம், இதெல்லாம் சகஜம். மூஞ்சி வீங்குறது, விடாம வாந்தி, மூச்சு இழுக்கிறது இருந்தா அப்படியே திரும்ப உள்ள ஓடுங்க.

4. சாப்பாடு: தயிர்சாதம் மட்டும் போட்டு வளக்காதீங்க

மூணு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாசம் வரைக்கும் மூணு வேளை, அப்புறம் ரெண்டு வேளை. முறுக்குக்கு காலைல 7, மதியம் 12, சாயங்காலம் 4, ராத்திரி 8. டைமை மாத்தாதீங்க, ஏன்னா சாப்பிட்டு கால் மணி அரை மணி நேரத்துல ரெண்டுக்குப் போகும், சாப்பாடு டைம் சரியா இருந்தா பாத்ரூம் டைமும் தானா சரியாயிடும், வீடு துடைக்கிற வேலை பாதியா குறையும். தட்டை இருபது நிமிஷத்துல எடுத்துடுங்க. நாள் முழுக்க தட்டு கிடந்தா குட்டி சாப்பிடலங்கிறதே உங்களுக்கு சாயங்காலம்தான் தெரிய வரும், குட்டிக்கு உடம்பு சரியில்லன்னா முதல்ல தெரியுறது அதுலதான்.

என்ன போடுறது? எங்க அம்மா சொன்னது பால் சோறு. மாட்டுப்பால் பல குட்டிக்கு ஒத்துக்காது, பேதி ஆகும், முறுக்குக்கு ஆச்சு. தயிர் கொஞ்சம் ஓகே. வெறும் தயிர்சாதத்துல வளர்ற குட்டிக்கு வேண்டிய புரதம் இல்ல. சரின்னு சிக்கனும் சோறும் மட்டும் போட்டா அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, எலும்பு இல்லாத கறியில கால்சியம் ரொம்பக் கம்மி, மாசக்கணக்கா அதையே போட்டா கால் எலும்பு வளையும், குட்டி நொண்ட ஆரம்பிக்கும். அதுக்காக நீங்களா கால்சியம் சிரப் வாங்கி ஊத்தாதீங்க, கூடிப்போனாலும் எலும்புக்குக் கெடுதல்தான், முக்கியமா லாப்ரடார் மாதிரி பெரிய ஜாதிக்கு.

நான் பண்றது என்னன்னா மூணு வேளை குட்டிங்களுக்குன்னு விக்கிற டிரை ஃபுட், வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊற வெச்சு. ஒரு வேளை மட்டும் வீட்டுச் சாப்பாடு: உப்பு, மசாலா, எண்ணெய் எதுவும் இல்லாம வேக வெச்ச எலும்பில்லாத சிக்கன் பாதி, மீதி பாதியில சோறும் பரங்கிக்காயோ கேரட்டோ. வாரத்துல ரெண்டு நாள் சிக்கனுக்கு பதிலா வேக வெச்ச முட்டை. டிரை ஃபுட் பாக்கெட் பின்னாடி அளவு போட்டிருப்பான், அதுல வயசையும் பெருசானப்புறம் எவ்ளோ எடை வரும்ங்கிறதையும் சேத்துப் பாக்கணும், நான் முதல்ல இப்போ இருக்கிற எடையைப் பாத்து பாதி அளவுதான் போட்டுட்டிருந்தேன், பாவம். பிராண்டை மாத்தினா ஒரே நாள்ல மாத்தாதீங்க, ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. அளவு சரியான்னு விலாவைத் தடவிப் பாத்தா தெரியும்: கைக்கு எலும்பு தட்டுப்படணும், கண்ணுக்கு எண்ணுற மாதிரி தெரியக் கூடாது.

கூடவே கூடாதது: வெங்காயம், பூண்டு (அதாவது சாம்பார் சாதம், குழம்பு சாதம் எல்லாமே அவுட்), திராட்சை. காஞ்ச திராட்சையும் சேத்துத்தான், கேசரி பாயசத்துல கிடக்குமே அதுவே சிறுநீரகத்தைக் கெடுத்துடும். சாக்லேட். அப்புறம் வெந்த கோழி எலும்பு, பிரியாணி எலும்பைப் போட்டா நாய்க்கு சந்தோஷம்தான், ஆனா வெந்த எலும்பு கூரா ஊசி மாதிரி உடைஞ்சு குடல்ல குத்தும். வீட்டுக்கு வர்ற சித்தப்பா பெரியப்பாகிட்ட இதை முன்னாடியே சொல்லி வைங்க, அவங்கதான் டேபிளுக்கு அடியில போடுவாங்க.

5. வாக்கிங்: முதல்ல தோள்ல, அப்புறம்தான் தரையில

பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா, சில இடத்துல வருஷம் வரைக்கும்கூட உயிரோட இருக்கும். நோய் வந்த நாய் அங்க இருக்கணும்னுகூட அவசியமில்ல, எப்பவோ வந்து போயிருந்தாலே போதும். மணியை நான் இறக்கி விட்ட பார்க்கிங்ல தெருநாய் ஒண்ணுகூட அன்னிக்கு இல்ல. அதனால கடைசி கூட்டு ஊசி போட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தரை, முறுக்குக்கு செப்டம்பர் 21. அது வரைக்கும் மொட்டை மாடியில தெருநாய் ஏறாதுன்னா அங்க விடலாம். வெளிய போட்டுக்கிட்டு போற செருப்பை வாசலுக்கு வெளியவே விடுங்க, கிருமி செருப்புலயும் வரும். வீட்ல ஏற்கனவே பார்வோ வந்திருந்தா ஃபினாயில் போட்டுக் கழுவி பிரயோஜனம் இல்ல, பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து, முதல்ல அழுக்கைச் சுத்தமா கழுவிட்டு, அப்புறம் இதை ஊத்தி பத்து நிமிஷம் ஊற விடணும். தட்டு, மெத்தை எல்லாம் புதுசு வாங்கிடுங்க.

அதுக்காக செப்டம்பர் வரைக்கும் ரூமுக்குள்ளயே பூட்டி வெக்காதீங்க. பதினாலு வாரத்துக்குள்ள பாக்கிற கேக்குற விஷயத்தைத்தான் நாய் சாதாரணமா எடுத்துக்கும், அதுக்கப்புறம் புதுசா பாத்தா பயப்படும், குரைக்கும். தினமும் சாயங்காலம் துணிப்பையில போட்டு தோள்ல மாட்டிக்கிட்டு தெருமுனை வரைக்கும் போவேன், பஸ் ஹாரன், குக்கர் விசில் சத்தம், ஹெல்மெட் போட்ட ஆளு, குடை, ஸ்கூல் பசங்க எல்லாத்தையும் அங்க இருந்தே பாத்துக்கிட்டா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி "என்னப்பா கைக்குழந்தையா"ன்னு சிரிச்சாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும்.

தரையில இறக்கினப்புறம் முதல் வாரம் பத்து நிமிஷம் போதும், அப்புறம் மெல்லக் கூட்டுங்க. காலைல ஆறு மணி, சாயங்காலம் இருட்டினப்புறம். புறங்கையை ரோட்டுல வெச்சு ஏழு நொடி வெக்க முடியலன்னா நாயைக் கூட்டிட்டுப் போகாதீங்க, அதுக்கு செருப்பு கிடையாது. வெயில்ல நாக்கு தொங்கி, எச்சில் வழிஞ்சு, தள்ளாடினா நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் சாதா தண்ணியை உடம்பு முழுக்க ஊத்தி, விசிறிக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடுங்க.

6. உண்ணியும், எப்போ டாக்டர்கிட்ட ஓடணும்ங்கிறதும்

தரையில இறங்கின நாள்லேர்ந்து உண்ணி ஏறும். ராத்திரி டிவி பாக்கும்போது காதுக்குள்ள, கால்விரல் இடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடியில தடவிப் பாருங்க. கழுத்துல ஊத்துற சொட்டு மருந்து எடைக்கு ஏத்த மாதிரி டாக்டர் எழுதிக் குடுப்பாங்க, ஊத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள் குளிப்பாட்டாதீங்க. மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை வாங்கி குட்டி மேல ஊத்தாதீங்க, கடையில "இதையே கலந்து ஊத்துங்க சார், எல்லாரும் வாங்குறாங்க"ன்னு எனக்கும் சொன்னாங்க. அளவு கொஞ்சம் தப்பினா குட்டி நக்கி விஷமாயிடும்.

உண்ணிக் காய்ச்சல்னு ஒண்ணு இருக்கு. நாய் டல்லாயிடும், சாப்பிடாது, ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்குல ரத்தம் வரும். ரத்த டெஸ்ட்ல தட்டணு குறைஞ்சிருக்கும். மாத்திரை பெரும்பாலும் நாலு வாரம் எழுதுவாங்க, அஞ்சாவது நாளே நாய் ஓடியாடி சாப்பிடும், அங்கதான் எல்லாரும் நிறுத்திடறாங்க, திரும்ப வந்துடும். நாலு வாரமும் குடுங்க.

மத்தபடி என் கணக்கு இதுதான்: ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குட்டி ரெண்டு வேளை தொடர்ந்து சாப்பிடலன்னா, வாந்தியும் பேதியும் சேந்து வந்தா, மலத்துல ரத்தம் இருந்தா, காலைல வரைக்கும் பாக்கலாம்னு இருக்காதீங்க. வீட்ல தெர்மாமீட்டர் தனியா ஒண்ணு வைங்க, நாய்க்கு 101லேர்ந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் நார்மல், நம்ம கணக்குல பாத்து காய்ச்சல்னு பயந்து நான் ஒரு ராத்திரி முழுக்க தூங்கல. காய்ச்சலே இருந்தாலும் நம்ம பாராசிட்டமால், ப்ரூஃபன் எதுவும் குடுத்துடாதீங்க, அது நாய்க்கு விஷம். ராத்திரில தொறந்திருக்கிற கிளினிக் எதுன்னு உடம்பு நல்லா இருக்கும்போதே விசாரிச்சு நம்பர் வாங்கி வைங்க, மணிக்கு ரத்தம் போக ஆரம்பிச்சது ராத்திரி பதினோரு மணிக்கு, நாங்க மூணு கிளினிக் வாசல்ல பூட்டைப் பாத்துட்டுத்தான் நாலாவதுக்குப் போனோம்.

விளையாடும்போது குட்டி பல்லு பட்டு உங்களுக்கோ பசங்களுக்கோ ரத்தம் வந்தா, குட்டிக்கு ஊசி போட்டிருந்தாலும் போடலன்னாலும், ஓடுற தண்ணியில சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க. மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் வெக்காதீங்க.

7. லைசன்ஸும் பேப்பரும்

சென்னை மாநகராட்சில நாய்க்கு லைசன்ஸ் எடுக்கணும், ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். உங்க அடையாள அட்டை, முகவரிச் சான்று, நாயோட போட்டோ, ரேபிஸ் ஊசி போட்ட சர்டிபிகேட், இதெல்லாம் ரெடியா வைங்க. இப்போ மைக்ரோசிப்பும் கேக்குறாங்க, கழுத்துத் தோலுக்கு அடியில ஊசி மாதிரி போட்டுடுவாங்க, முறுக்கு கத்தக்கூட இல்ல. ரேபிஸ் சர்டிபிகேட் காலாவதி ஆயிருந்தா எல்லாம் அதுலயே நிக்கும், அதனால ரேபிஸ் தேதியைப் போன்ல ரிமைண்டரா போட்டு வைங்க, ஒரு வாரம் முன்னாடி அடிக்கிற மாதிரி.

கடைசியா, ஊசி புக்கோட ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்டிக்கர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வீட்ல ரெண்டு பேர் போன்லயாவது வைங்க, புக்கை உயரத்துல வைங்க. எங்களோடதுல ஆகஸ்ட் மாசப் பக்கம் பாதிதான் இருக்கு, மீதி முறுக்கு வயித்துக்குள்ள போயிடுச்சு.